டிசம்பர் சேல் மெசேஜ் எல்லாம் ஷெட்யூல் ஆகிவிட்டது, 2023 மாதிரி வெள்ளம் வந்தால் எதை எப்போது நிறுத்துவது?

வேளச்சேரி கடைப்பையன்
வணக்கம். அப்பாவுக்கு வேளச்சேரி பக்கம் வீட்டு உபயோகப் பொருள் கடை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், டிவி. விளம்பரம், மெசேஜ் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். டிசம்பர் முழுவதுக்கும் இயர் எண்ட் சேல் போட்டாச்சு. ஃபேஸ்புக், இன்ஸ்டா போஸ்ட்கள், மெட்டா விளம்பரம், வாரம் இரண்டு பல்க் எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், ஒரு எஃப்எம் ஸ்பாட்.

மிக்ஜாம் வந்த வருஷம் நான் காலேஜில் இருந்தேன். தெருவில் போட் போய்க்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு கடையிலிருந்து "பரிசு மழை"ன்னு மெசேஜ் வந்தது இன்னும் நினைவிருக்கு. அது நம்ம கடையாக இருக்கக் கூடாது. எந்தக் கட்டத்தில் நிறுத்துவீங்க? நிறுத்தின பிறகு என்ன எழுதுவீங்க, திரும்ப எப்போ ஆரம்பிப்பீங்க?

பல்லாவரம் பாலு
ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. மெட்டா பிளானரில் போய் போஸ்ட்களைத் தள்ளி வைங்க, வேலை முடிஞ்சது. விளம்பரத்தை மட்டும் முழுசா நிறுத்தாதீங்க, பட்ஜெட்டைக் கால்வாசியாக்குங்க. நிறுத்தினால் யாருக்குக் காட்டணும்னு மெட்டா கத்துக்கிற லேர்னிங் ஃபேஸ் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும், திரும்ப ஏற ஒரு மாசம் ஆகும். அப்புறம், சும்மா ஆரஞ்சு அலர்ட்டுக்கெல்லாம் நிறுத்தினால் சென்னையில் நவம்பர், டிசம்பர் வியாபாரமே பண்ண முடியாது. நிஜமாவே ஏதாவது நடந்தால் அப்போ பட்டனை அழுத்துங்க.

ரிலீஸ் ஆர்டர்
பாலு சொல்வதில் பாதி சரி. ஒவ்வொரு அலர்ட்டுக்கும் நிறுத்த முடியாது, உண்மை. ஆனால் "நடந்த பிறகு பட்டனை அழுத்துவது" எஸ்எம்எஸ்ஸுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஒத்துவராது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் நான் ஏஜென்சியில் இருந்தேன். தென்சென்னையில் கிளைகள் உள்ள, உங்கள் கடை மாதிரியே ஒரு கிளையண்ட்.

டிசம்பர் 3 ஞாயிறு இரவிலிருந்து திங்கள் முழுக்க மழை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் திங்கள் பொது விடுமுறை என்று அரசு ஞாயிற்றுக்கிழமையே அறிவித்துவிட்டது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் கரண்ட் போனது, பிறகு டவரும் போனது. இப்போது கவனியுங்கள். ஞாயிறு மதியம் நீங்கள் அனுப்பிய ஆஃபர் எஸ்எம்எஸ், போன் அணைந்திருப்பவருக்குப் போய்ச் சேராது. ஆனால் அது காணாமலும் போகாது. ஆபரேட்டரின் மெசேஜ் சென்டரில் உட்கார்ந்துகொண்டு, குறித்த காலம் முடியும்வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அந்தக் கால அளவு பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள். வெண்டரைக் கேட்டால் சொல்வார். வாட்ஸ்அப்பில் இன்னும் மோசம். சேராத மெசேஜ் 30 நாள் வரை அவர்கள் சர்வரில் காத்திருக்கும்.

ஆக, செவ்வாய்க்கிழமை யாரோ பக்கத்துத் தெருவில் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு நெட்வொர்க் பிடிக்கிறார். "எங்கே இருக்கே, போன் போகலையே" என்று தங்கை அனுப்பிய மெசேஜுக்கு மேலே உங்கள் ஆஃபர் வந்து விழுகிறது. நீங்கள் அதை அனுப்பும்போது பெருமழை தொடங்கவில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் கிளையண்டின் டெலிவரி ரிப்போர்ட்டில் இது அப்படியே தெரிந்தது. "அனுப்பிய நேரம்" பத்தியில் ஞாயிறு, "சேர்ந்த நேரம்" பத்தியில் செவ்வாய். உங்கள் பழைய ரிப்போர்ட்டை இறக்கி அந்த இரண்டு பத்திகளை ஒப்பிட்டுப் பாருங்கள், உங்கள் வெண்டர் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறார் என்பது புரியும்.

அதனால் என் கணக்கு இதுதான். போனுக்குப் போகும் எதையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தாலோ, அடுத்த நாளுக்கு விடுமுறை அறிவித்தாலோ அன்றே நிறுத்து. மக்கள் தாமாகத் தேடி வந்து பார்க்கிற போஸ்ட்டையும் விளம்பரத்தையும் மறுநாள் காலையில் முடிவு செய்யலாம். ஆரஞ்சுக்கு நான் நிறுத்த மாட்டேன்.

லேர்னிங் ஃபேஸ் விஷயம். மெட்டாவில் ஒரு ஆட் செட்டை 7 நாளுக்கு மேல் நிறுத்தி வைத்தால்தான் திரும்ப லேர்னிங்குக்குப் போகும். நாலு நாள் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. மாறாக பட்ஜெட்டை ஒரேயடியாகக் கால்வாசியாக்கினால் அதையும் பெரிய மாற்றமாக எடுத்துக்கொண்டு லேர்னிங்கைத் திரும்ப ஆரம்பிக்க வாய்ப்பு உண்டு. பாலு எதற்குப் பயப்படுகிறாரோ, அவர் சொன்ன வழிதான் அதில் கொண்டுபோய் விடும்.

பல்லாவரம் பாலு
சரி, 7 நாள் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். ஆனா பட்ஜெட் குறைக்கிறதை நான் பல தடவை பண்ணிருக்கேன், பெருசா அடி வாங்கினதில்லை.

மாவுக்கடை அக்கா
தம்பிங்களா, எனக்கு ஒரு சந்தேகம். நான் நங்கநல்லூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். தினம் காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "இன்னிக்கு மாவு ரெடி"ன்னு போடுவேன். நீங்க சொல்றதைப் பார்த்தா மழை நாளில் நானும் போடக் கூடாதா? போன தடவை பால் கிடைக்கல, பிரெட் கிடைக்கல, எங்க அப்பார்ட்மென்ட்டில் எல்லாரும் மாவு இருக்கான்னுதான் கேட்டாங்க.

ரிலீஸ் ஆர்டர்
அக்கா, நீங்கள் தாராளமாகப் போடுங்கள். அந்த நாளில் மாவு இருக்கிறது என்பதே ஒரு தகவல். விலையை மட்டும் ஏற்றாதீர்கள். கரண்ட் இல்லாமல் எத்தனை கிலோ அரைக்க முடிந்தது, எந்தத் தெரு வரை கொண்டுவந்து தர முடியும் என்று எழுதினால் போதும்.

மாவுக்கடை அக்கா
விலை ஏத்தறதா! நல்லா கேட்டீங்க போங்க. கரண்ட் போயிட்டா கிரைண்டரே ஓடாது, முதல் நாள் அரைச்சதுதான்.

டிஎல்டி தலைவலி
நான் பல்க் எஸ்எம்எஸ் விற்கிற பக்கம் இருக்கேன், அதனால் ஒரு விஷயம் மட்டும். ப்ரொமோஷன் எஸ்எம்எஸ் காலை 10 முதல் இரவு 9 வரைதான் போகும். அதாவது காலை 10 மணி பேட்ச் போட்டிருந்தால் 9:45 வரை கேன்சல் செய்ய நேரம் இருக்கு. ஆனால் எங்க பேனலில் "ஷெட்யூல்டு" என்று இருக்கும்வரைதான் கேன்சல் ஆகும். "ப்ராசஸிங்" ஆகிட்டா முடிஞ்சது. லட்சம் நம்பர் லிஸ்ட் என்றால் அது மெதுவாகத்தான் போகும், உடனே போன் பண்ணினால் மீதியை நிறுத்திக் கொடுப்போம். சில பேர் ஈமெயில் அனுப்பிட்டு உட்கார்ந்திருப்பாங்க. போன் பண்ணுங்க சார்.

இன்னொன்று, இதை யாரும் யோசிக்க மாட்டாங்க. வெள்ளம் வந்த பிறகு "டெலிவரி தாமதமாகும்"னு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப நினைப்பீங்க. கம்பெனி எஸ்எம்எஸ் வாசகங்களைப் பதிவு பண்ணுகிற டிஎல்டி தளத்தில் அந்த டெம்ப்ளேட் ஒப்புதல் ஆகியிருந்தால்தான் போகும். அன்றைக்கு எழுதி அன்றைக்கே ஒப்புதல் வாங்குவது நம்ம கையில் இல்லை. இப்போதே, வெயில் அடிக்கும்போதே, சர்வீஸ் வகையில் ஒன்று பதிவு பண்ணி வையுங்க. அவசரத்துக்கு ப்ரொமோஷன் டெம்ப்ளேட்டில் நுழைச்சு அனுப்பினால், விளம்பரம் வேண்டாம்னு டிஎன்டி போட்டவங்களுக்குப் போகாது. போகிறவங்களுக்கும் அனுப்புநர் பெயரின் கடைசியில் விளம்பரம்னு காட்டுகிற அந்த "பி" எழுத்தோடு போகும். ஆறுதல் சொல்ற மெசேஜுக்குப் பக்கத்தில் விளம்பரம்னு முத்திரை.

வேளச்சேரி கடைப்பையன்
இது எனக்குத் தோணவே இல்லை. இன்னைக்கே பதிவு போடறேன். ரிலீஸ் ஆர்டர் சார், ஷெட்யூல் லிஸ்ட்டில் இருப்பதை எல்லாம் நிறுத்தினால் போதுமா?

ரிலீஸ் ஆர்டர்
போதாது. லிஸ்ட்டில் இருப்பதை நிறுத்துவது சுலபம். நீங்கள் எப்போதோ வைத்துவிட்டு மறந்துபோனவைதான் மானத்தை வாங்கும். வெப்சைட்டில் கார்ட்டில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காதவருக்கு "உங்கள் ஃப்ரிட்ஜ் காத்திருக்கிறது" என்று தானாகப் போகும் வாட்ஸ்அப் இருக்கிறதா? பிறந்தநாள் கூப்பன்? டெலிவரி ஆன மூன்றாம் நாள் "ஐந்து ஸ்டார் கொடுங்கள்" என்று போகும் மெசேஜ்? அந்த மெஷின் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கலாம். இன்ஸ்டாவில் போனிலிருந்தே பூஸ்ட் செய்த போஸ்ட், மெட்டாவில் நீங்கள் வைத்த தானியங்கி ரூல், இதெல்லாம் உண்டா பாருங்கள். "விற்பனை குறைந்தால் பட்ஜெட்டை ஏற்று" என்று ஒரு ரூல் இருந்து, வெள்ள நாளில் விற்பனை சுத்தமாக நின்றால் அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். அப்புறம் மழையைப் பார்த்து ஓடும் விளம்பரங்கள். "வெளியே மழையா? சூடா பஜ்ஜி போட ஏர் ஃப்ரையர்" மாதிரி. சாதாரணத் தூறலுக்கு அது அழகுதான். மழை எவ்வளவு பெய்தால் நிற்க வேண்டும் என்று மேல் வரம்பு வைக்காதவர்கள்தான் அதிகம்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் நம்பர், அம்மா நம்பர், கடைப் பையன் ஒருவரின் நம்பர் மூன்றையும் எல்லா லிஸ்ட்டிலும் வாடிக்கையாளராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் கார்ட்டில் போட்டு விடட்டும், ஒருவர் நிஜமாக வாங்கட்டும். ஒரு மாதத்தில் எதெல்லாம் வந்து விழுகிறது என்று பார்த்தால் அதுதான் உங்கள் உண்மையான லிஸ்ட்.

திரும்ப ஆன் பண்ணும்போதும் ஒரு பொறி இருக்கிறது. சில மென்பொருள்கள் நிறுத்தி வைத்த நாட்களில் போயிருக்க வேண்டிய மெசேஜ்களை வரிசையில் சேர்த்து வைக்கும். ஆன் செய்ததும் நாலு நாள் கூப்பன் ஒரே மணி நேரத்தில் போகும். சில மென்பொருள்கள் அவற்றை விட்டுவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று சோதனை நம்பரில் இப்போதே பார்த்துவிடுங்கள்.

எஃப்எம்முக்கு, ஸ்டேஷனில் ஸ்பாட் ஷெட்யூல் போடுபவரின் நேரடி நம்பரை வாங்கி வையுங்கள். விற்பனைப் பிரதிநிதி அன்றைக்குப் போன் எடுப்பார் என்று நம்ப வேண்டாம். பேப்பர் விளம்பரம் என்றால் முதல் நாள் மாலைக்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

சவுகார்பேட்டை ஜவுளி
எல்லாரும் மெசேஜ் மெசேஜ்னு பேசறீங்க. உதவி பண்றதைப் பத்தி யாரும் பேசலையே. 2015ல் நாங்க போர்வை கொடுத்தோம், பையில் கடை பெயர் அச்சடிச்சுதான் கொடுத்தோம். யாரும் தப்பா சொல்லல. அதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

எண்ணூர்க்காரன்
ஐயா, 2015ல் நிவாரணப் பொருள் மேல் ஸ்டிக்கர் ஒட்டினதுக்கு ஊரே காறித் துப்பினது உங்களுக்கு மறந்துபோச்சா? போர்வை கொடுத்தது நல்ல விஷயம், கும்பிடறேன். அதை "விளம்பரம்"னு நீங்களே சொன்னதுதான் இடிக்குது.

என் குறை வேற. 2023ல் மூணாவது நாளே "சென்னை மீண்டுவிட்டது"ன்னு ஒவ்வொரு கடையும் போஸ்டர் போட்டான். எங்க பக்கம் அப்போதான் வெள்ளத்தோட கொசஸ்தலை ஆத்தில் எண்ணெய் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாக் கிடந்தது. யாருக்கு மீண்டது? உங்க கடை இருக்கிற தெரு காய்ஞ்சா சென்னை காய்ஞ்சதா?

ரிலீஸ் ஆர்டர்
எண்ணூர்க்காரர் சொல்வதைத்தான் நான் திரும்ப ஆரம்பிப்பது பற்றிச் சொல்ல நினைத்தேன். நகரம் முழுவதுக்கும் ஒரே தேதி வைக்க முடியாது. தி.நகரில் கடைகள் திறந்த பிறகும் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் நின்றது. மெட்டாவில் மேப்பில் பின் குத்தி அந்தச் சுற்றளவை மட்டும் விலக்கலாம். ஆனால் முடிச்சூர்க்காரர் அன்றைக்கு முடிச்சூரில் இருக்க மாட்டார், அண்ணா நகரில் மாமனார் வீட்டில் இருப்பார். விளம்பரம் அங்கே அவரைப் பிடித்துவிடும். எஸ்எம்எஸ் லிஸ்ட்டில் இந்தச் சிக்கல் இல்லை. டெலிவரி முகவரியின் பின்கோடு உங்களிடம் இருக்கிறது. வேளச்சேரியின் 600042, பள்ளிக்கரணையின் 600100 இரண்டையும் எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பலாம்.

எப்போது என்பதற்கு நான் பார்த்தது இரண்டு. ஒன்று, பள்ளி திறப்பது. 2023ல் 11ஆம் தேதி திங்கட்கிழமை திறந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற வீடு ஓரளவு பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டது. மற்றது உங்கள் கடை போன். "தண்ணீர் புகுந்த ஃப்ரிட்ஜை ஆன் பண்ணலாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் "புதுசு என்ன விலை" என்று கேட்கத் தொடங்குவார்கள். போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து எந்தக் கேள்வி என்று கோடு போடச் சொல்லுங்கள். இரண்டாவது ரகம் அதிகமாகும்வரை நான் ஆஃபர் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன்.

பல்லாவரம் பாலு
இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். வெள்ளத்துக்கு அப்புறம் பாதி வீட்டில் ஃப்ரிட்ஜ் போச்சு, மெத்தை போச்சு. அவங்களுக்கு அன்னிக்குத்தான் தள்ளுபடி வேணும். "நனைஞ்ச பழைய ஃப்ரிட்ஜைக் கொடுங்க, புதுசுக்கு 3000 குறைச்சுத் தர்றோம்"னு சொல்றது உதவி இல்லையா? ஆஃபரை மறைச்சு வைக்கிறதுதான் தப்பு.

ரிலீஸ் ஆர்டர்
அந்த 3000 உங்கள் சாதாரண டிசம்பர் எக்ஸ்சேஞ்சிலும் உண்டு என்றால் அது உதவி இல்லை, பழைய ஆஃபருக்குப் புதுச் சட்டை. நிஜமாகவே லாபத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்றால் கடையில் கேட்டு வருபவருக்குக் கொடுங்கள், போர்டு வைக்காமல். கூகுளிலும் பார்த்துக்கொள்ளுங்கள். பேரிடரைப் பயன்படுத்தி ஆதாயம் தேடுவதாகத் தோன்றும் விளம்பரங்களை நிறுத்த அவர்களுக்குத் தனி விதியே இருக்கிறது.

அந்த வருஷம் அரசு ரேஷன் கடை வழியாக 6000 ரூபாய் கொடுத்தது. "உங்கள் 6000க்கு எங்களிடம் கிரைண்டர்" என்று ஒரு ஐடியா எங்கள் மீட்டிங்கிலேயே வந்தது. வெளியே போகவில்லை, நல்ல வேளை.

பல்லாவரம் பாலு
போர்டு வைக்காமல் கொடுத்தால் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் கிடைக்கும். தெரியாத ஏழை முழு விலை கொடுப்பான். அது என்ன மரியாதை? யோசிச்சுச் சொல்லுங்க.

ரிலீஸ் ஆர்டர்
நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

வேளச்சேரி கடைப்பையன்
நான் ஒரு மெசேஜ் எழுதியிருக்கேன், பாருங்க:
"இந்தக் கடினமான தருணத்தில் நாங்கள் உங்களுடன் நிற்கிறோம். சென்னையின் மன உறுதிக்குத் தலைவணங்குகிறோம். எங்கள் பிரார்த்தனைகள் உங்களோடு."

மாவுக்கடை அக்கா
தம்பி, கோவிச்சுக்காதே. தண்ணியில் நிக்கிறவளுக்கு மன உறுதியைப் பத்தி நீ எதுக்குச் சொல்லணும். மிக்சி நனைஞ்சுபோச்சு, போடலாமா வேண்டாமான்னு சொல்லு. அதுதான் உன்கிட்ட கேப்பேன்.

ரிலீஸ் ஆர்டர்
அக்கா சொன்னதையே எழுதினால் இப்படி வரும்:

"தண்ணீர் புகுந்த வீட்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எதையும் இப்போது பிளக்கில் போட வேண்டாம். வெளியே காய்ந்திருந்தாலும் மோட்டாருக்குள் ஈரம் இருக்கும். மெக்கானிக் பார்க்கும்வரை காத்திருங்கள். எங்களிடம் புக் செய்த பொருட்கள் பத்திரமாக உள்ளன. டெலிவரி தேதியை நாங்களே போன் செய்து சொல்வோம்."

கீழே சர்வீஸ் நம்பர், கடை பெயர். லோகோ பெரிதாக வேண்டாம், படமும் வேண்டாம். நெட்வொர்க் மெதுவாக இருக்கும் நாளில் படம் திறக்காது. குடோனுக்குள் தண்ணீர் வந்திருந்தால் "பத்திரமாக உள்ளன" என்ற வரியை எடுத்துவிடுங்கள். தவணையைத் தள்ளி வைப்போம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது ஃபைனான்ஸ் கம்பெனி முடிவு. "மெக்கானிக் நாளை வருவார்" என்றும் எழுத வேண்டாம், அவர் வீடும் தண்ணீரில் இருக்கலாம்.

கட்டட விளம்பரம்
லேட்டா வந்தேன். நான் அடுக்குமாடி விற்கிறவங்களுக்கு விளம்பரம் பண்றேன். எங்களுக்கு வெள்ளத்தைவிட விபத்துதான் பயம். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் கட்டடம் இடிஞ்சு 61 பேர் செத்துப்போனாங்க. அப்படி ஒன்று நடந்த மறுநாள் "அசைக்க முடியாத அஸ்திவாரம்"னு ஒரு ஹோர்டிங் நின்னா எப்படி இருக்கும்? அதுக்கு அலர்ட்டும் கிடையாது. சார் சொன்ன மெசேஜ் மாதிரி பயனுள்ளதாச் சொல்லவும் எங்ககிட்ட எதுவும் இல்லை. என்ன எழுதலாம்?

ரிலீஸ் ஆர்டர்
ஒன்றும் எழுதாதீர்கள். உங்கள் கட்டடத்துக்குச் சம்பந்தமில்லாத விபத்து என்றால் அஞ்சலி போஸ்டர்கூட "நாங்கள் அப்படியில்லை" என்றுதான் படிக்கப்படும். விளம்பரங்களை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். ஏற்கனவே உங்களிடம் வீடு வாங்கியவர்கள் பயந்து போன் செய்வார்கள். அதற்கு ஒரு இன்ஜினியரைப் போனில் உட்கார வையுங்கள், சேல்ஸ் ஆளை அல்ல. திரும்ப ஆரம்பிக்கும் முன் "அஸ்திவாரம்", "உறுதி", "அசையாத" என்று எழுதிய எல்லாப் படங்களையும் தேடி எடுத்து வெளியே வையுங்கள். கடைப்பையன் தம்பிக்கும் இதே வேலை உண்டு. "தள்ளுபடி மழை", "ஆஃபர் வெள்ளம்", "புயல் வேக டெலிவரி" எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேளச்சேரி கடைப்பையன்
எண்ணினேன். பதினோரு டிசைனில் எட்டு மழை, ஒரு புயல். அப்பா எழுதினது.

இன்னொரு கேள்வி. கடையும் வேளச்சேரி, எங்க வீடும் வேளச்சேரி. கரண்ட், நெட் இல்லாமல் நானே மாட்டிக்கிட்டா?

டிஎல்டி தலைவலி
வெளியூரில் ஒருத்தருக்கு பேனல் லாகின் கொடுத்து வையுங்க. 2023ல் எங்களுக்கு வந்த பாதிப் போன் கோயம்புத்தூர், திருச்சியில் இருக்கிற அக்கா, மச்சானிடமிருந்துதான். "அவர் போன் போகலை, நீங்களே நிறுத்துங்க"ன்னு. அக்கவுண்ட்டில் பெயர் இல்லாதவர் சொன்னால் நாங்க நிறுத்த முடியாது, அதனால் அவர் பெயரையும் நம்பரையும் முன்னாடியே சேர்த்துடுங்க.

வேளச்சேரி கடைப்பையன்
அக்கா கோவையில் இருக்கா, அவகிட்ட கொடுக்கறேன். மெட்டாவில் அவளை அட்மினாகச் சேர்த்தாச்சு. எஸ்எம்எஸ் பேனலில் லாகின் பண்ணினா ஓடிபி அப்பா நம்பருக்குப் போகுது, அதை மாத்த முடியுமா?

டிஎல்டி தலைவலி
முடியும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, அப்பா கையெழுத்துப் போட்டு வெண்டருக்கு அனுப்பச் சொல்லுங்க. இரண்டாவது நம்பர் சேர்க்கக் கேளுங்க, மாத்தக் கேட்காதீங்க. இந்த வாரமே பண்ணுங்க.